இருப்பில் இல்லாத சீரகச் சம்பா

திண்டுக்கல் பக்கம் ஒரு நடுத்தர மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் அண்ணாச்சி, சாமான் எடுத்துப் போட இரண்டு பையன்கள், வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களுக்குப் பதில் போட ஒரு பெண், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வண்டி. வெள்ளிக்கிழமை காலை ஓர் அம்மாவிடமிருந்து பட்டியல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் விருந்து. சீரகச் சம்பா 5 கிலோ பை ஒன்று 650 ரூபாய், நெய் அரை லிட்டர் 360, கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் 400, பட்டை கிராம்பு ஏலக்காய் வகையறா 150, மற்ற சில்லறைச் சாமான்கள் 280. மொத்தம் 1,840 ரூபாய். தொகையைச் சொன்னதும் யுபிஐ-யில் பணமும் வந்துவிடுகிறது. மாலை 5 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும்.

பதினொரு மணிக்குச் சாமான் எடுக்கப் போன பையன் திரும்பி வந்து, சீரகச் சம்பா பை இல்லை என்கிறான். கடைசிப் பையை அரை மணி நேரம் முன்பு கல்லாவில் நின்ற ஒருவர் வாங்கிப் போய்விட்டார். ஒரு கிலோ பாக்கெட் இரண்டு மட்டும் இருக்கிறது. இந்த நிமிடத்திலிருந்து மாலை 5 மணிக்குள் கடை என்ன செய்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

பெரும்பாலான கடைகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பையன் பாஸ்மதி 5 கிலோ பையைத் தூக்கிப் போடுவான். “பிரியாணிக்குத்தானே, ஆகும்” என்பான். பில்லில் ஏற்ற இறக்கம் ஐம்பது ரூபாய் இருந்தால் “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று சொல்லிக்கொள்வார்கள். மாலை வீட்டு வாசலில் பையைப் பிரிக்கும் அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். வண்டிக்காரரிடம் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிறு மதியம் விருந்து என்பது வண்டிக்காரர் கணக்கில் இல்லை.

இந்தப் பழக்கத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இல்லாத பொருளுக்குப் பக்கத்துப் பொருளைக் கொடுப்பது உதவி என்றே கடைக்காரர் நினைக்கிறார். நேருக்கு நேர் நிற்கும் வியாபாரத்தில் அது உதவிதான். “சீரகச் சம்பா இல்லீங்க, பாஸ்மதி தரட்டுமா?” என்று கேட்கும்போது வாடிக்கையாளர் எதிரே இருக்கிறார், வேண்டாம் என்று தலையாட்டலாம், அடுத்த கடைக்கு நடக்கலாம், பணமும் இன்னும் அவர் கையில் இருக்கிறது. பட்டியல் அனுப்பிப் பணமும் கொடுத்துவிட்டவருக்கு இந்த மூன்றும் கிடையாது. ஆகவே எதிரே நின்றிருந்தால் அவருக்குத் தானாகக் கிடைத்திருக்கும் அந்த மூன்றையும் கடை எழுத்தில் உண்டாக்கித் தர வேண்டும். மாற்றுப் பொருள் தருவதில் உள்ள வேலை முழுக்க இதுதான்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, ஒருவர் முன்வைத்ததை மற்றவர் நிபந்தனை சேர்க்காமல் முழுமையாக ஏற்றால்தான் அது ஒப்பந்தம் ஆகும். அந்த அம்மா கேட்டது சீரகச் சம்பா. கடை பணம் வாங்கியதும் சீரகச் சம்பாவுக்கு. பாஸ்மதி என்பது கடை புதிதாக முன்வைக்கும் பேச்சு. அதற்கு அவர் சரி என்று சொல்லாதவரை ஏற்பு இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புக்கொண்ட சரக்கோடு வேறு விவரணையுள்ள சரக்கைக் கலந்து அனுப்பினால், வாங்கியவர் சரியானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளலாம். வேண்டுமானால் மொத்தத்தையும் தள்ளலாம். அதாவது ஒரு பை பாஸ்மதிக்காக நெய், எண்ணெய், மசாலா எல்லாமே வாசலிலிருந்து திரும்பி வர வழி இருக்கிறது. தள்ளிய சரக்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்க்கும் பொறுப்பும் வாங்கியவருக்கு இல்லை என்று அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. தள்ளிவிட்டேன் என்று தெரிவித்தால் போதும்.

இணைய வழி விற்பனைக்கு 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைக் கூடுதலாகக் கட்டுகின்றன. வாடிக்கையாளரின் சம்மதத்தைத் தானாகப் பதிவு செய்யக்கூடாது, முன்கூட்டியே ‘டிக்’ போட்ட கட்டங்களும் கூடாது என்பது அதில் ஒரு விதி. ‘இல்லாவிட்டால் அதைப் போன்ற வேறு பொருள் அனுப்பவும்’ என்ற கட்டத்தில் கடையே டிக் போட்டு வைத்திருப்பதும் இதே ரகம்தான். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. பொருள் இருப்பதாகக் காட்டி வாங்க வரவைத்து, கடைசி நேரத்தில் அது தீர்ந்துவிட்டது, இந்த விலை கூடிய பொருள்தான் இருக்கிறது என்று நீட்டுவது அதில் ஒன்று. உண்மையிலேயே தீர்ந்துபோவதும் தீர்ந்துபோனதாகக் காட்டுவதும் வாடிக்கையாளருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, கடை அடுத்துச் சொல்லும் மூன்று வரிகள்தான்.

அந்த வரிகளுக்கு முன், எதை மாற்றாகச் சொல்வது என்ற கேள்வி வருகிறது. கடைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அலமாரியில் பக்கத்தில் இருப்பதோ விலை நெருங்கி இருப்பதோ மாற்று ஆகிவிடாது. அந்தப் பொருள் வீட்டில் என்ன வேலை செய்யப் போகிறதோ, அந்த வேலையைச் செய்வதுதான் மாற்று. சீரகச் சம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி அரிசி, தனக்கென்று ஒரு வாசனை, மசாலாவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம். திண்டுக்கல், ஆம்பூர்ப் பிரியாணிகளின் ருசி இதை நம்பித்தான் இருக்கிறது. பாஸ்மதி நீண்ட அரிசி. உதிரி உதிரியாக நிற்கும். ஊற வைக்கும் நேரம், தண்ணீர் அளவு, அடுப்பில் வைக்கும் பக்குவம் எல்லாமே வேறு. வருஷக்கணக்காகச் சீரகச் சம்பாவிலேயே கை பழகியவரிடம் பாஸ்மதியைக் கொடுத்தால், அரிசியை மாற்றியதோடு சமையல் முறையையும் சேர்த்து மாற்றச் சொல்கிறோம். அதுவும் முப்பது பேர் சாப்பிடப் போகிற நாளில்.

இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய அரிசி ஒன்று உண்டு. கேரளத்தில் கைமா, ஜீரகசாலா என்ற பெயர்களில் விற்பது. மலபார்ப் பிரியாணிக்குப் போடுவது அதைத்தான். வயநாட்டு ஜீரகசாலா புவிசார் குறியீடு பெற்ற அரிசி. அதுவும் பொடி ரகம், வாசனை உள்ளது. சீரகச் சம்பாவேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் பாஸ்மதியைவிட எவ்வளவோ நெருக்கம். நம் கடையில் அது 5 கிலோ பை 700 ரூபாய்க்கு இருக்கிறது. பாஸ்மதி 600 ரூபாய்க்கு இருக்கிறது, அதில் கடைக்கு லாபம் கூட என்றும் வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி கைமாவைத்தான் சொல்ல வேண்டும். லாபம் கூட இருக்கும் பொருளை மாற்றாக நீட்டும் கடையை வாடிக்கையாளர் இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றே சொல்லக்கூடாத பொருள்களும் இருக்கின்றன. குழந்தைக்கான பால்மாவு அதில் முதல். ஒன்றுக்குப் பழகிய குழந்தைக்கு இன்னொன்றைக் கொடுக்கலாமா என்பதை மளிகைக் கடை தீர்மானிக்க முடியாது. பெருங்காயத்தைச் சாதாரணப் பொருளாக நினைப்போம். கூட்டுப் பெருங்காயத்தில் சில கம்பெனிகள் கோதுமை மாவு சேர்க்கின்றன, சில அரிசி மாவு சேர்க்கின்றன. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் கம்பெனி மாறினால் உடம்புக்கு வந்துவிடும். விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைச் சமையலுக்கும், சமையல் எண்ணெயைப் பூஜைக்கும் மாற்றி அனுப்பிச் சண்டை வாங்கிய கடைகள் உண்டு. மருந்துக் கடைக்கோ சட்டமே கதவை மூடியிருக்கிறது. மருந்து விதிகளின் 65-ஆவது விதிப்படி, அட்டவணை எச், எக்ஸ் ஆகியவற்றில் உள்ள மருந்தை மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால், அதே மருந்துச் சரக்கு உள்ளதே ஆனாலும் வேறு தயாரிப்பை அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

நம் கதையில் மாற்று உண்டு. வாட்ஸ்அப்பில் பதில் போடும் பெண் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார்:

“வணக்கம்மா. காலையில் நீங்கள் அனுப்பிய பட்டியலில் சீரகச் சம்பா 5 கிலோ பை தீர்ந்துவிட்டது, மன்னிக்கணும். மற்ற சாமான் எல்லாம் எடுத்து வைத்தாச்சு. அரிசிக்கு மட்டும் கீழே உள்ளதில் எது வேண்டும் என்று நம்பர் அனுப்புங்கள்.

1. கைமா அரிசி 5 கிலோ. பொடி அரிசி, பிரியாணிக்கு ஆகும். வாசனை சீரகச் சம்பா போலவே இருக்காது. பை 700 ரூபாய். உங்களுக்கு 650-க்கே தருகிறோம், கூடுதலாகப் பணம் வேண்டாம்.

2. சீரகச் சம்பா 2 கிலோ மட்டும் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டு 390 ரூபாய் திருப்பி அனுப்புகிறோம்.

3. அரிசி வேண்டாம். 650 ரூபாயை இன்றே திருப்பி அனுப்புகிறோம்.

அரிசி இல்லாததால் வேறு சாமானும் வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பணமும் வரும். 4 மணி வரைக்கும் பதில் வராவிட்டால் அரிசியை விட்டு மற்றதை அனுப்பி, 650 ரூபாயைத் திருப்பிவிடுவோம்.”

சாதாரணச் செய்திதான். ஆனாலும் இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது.

எது இல்லை என்பதும், மற்றது இருக்கிறது என்பதும் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிடுகின்றன. ‘உங்கள் ஆர்டரில் சிறு மாற்றம்’ என்று தொடங்கியிருந்தால் அந்த அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துபோய் அடுத்த வரிக்கு வர வேண்டியிருக்கும். கைமா எதில் ஒத்துப்போகிறது என்பதோடு எதில் ஒத்துப்போகாது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. ‘அதே மாதிரி இருக்கும்மா’ என்று எழுதுவது சுலபம். ஆனால் அடுப்படியில் நின்று வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் இந்தக் கடையின் வேறு எந்த வார்த்தையையும் நம்ப மாட்டார். பதிலும் சுலபம், ஒரு எண் போதும். பாத்திரம் கழுவும் கையோடு ஒரு எண்ணைத் தட்டிவிடலாம்.

விலைக் கணக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாற்றுப் பொருள் விலை குறைவாக இருந்தால் வித்தியாசம் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும், அதில் பேச்சே இல்லை. விலை கூடுதலாக இருந்தால் இரண்டு வழி. கேட்டு வாங்கலாம், அல்லது கடையே ஏற்கலாம். ஐம்பது ரூபாய்க்காக இன்னொரு செய்தி, இன்னொரு பணப் பரிமாற்றம், மறுபடி ஒரு காத்திருப்பு என்று இழுப்பதைவிட, குறை கடையுடையது என்பதால் கடையே ஏற்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். அரிசியில் லாபம் மெலிசு, எல்லாத் தடவையும் முடியாது என்று அண்ணாச்சி சொல்வார், அதுவும் நியாயம். முடியாதபோது “50 ரூபாய் கூடுதல்” என்று செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் வண்டிக்காரர் கேட்கும் ஐம்பது ரூபாய்க்கும், முன்னாலேயே தெரிந்து ஒத்துக்கொண்ட ஐம்பது ரூபாய்க்கும் ரொம்ப தூரம்.

இரண்டாவது வழியில் 390 ரூபாய் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்கினால் கிலோ 135 ரூபாய். 5 கிலோ பைக்கணக்கில் கிலோ 130. சில்லறை விலை போட்டால் இரண்டு கிலோவுக்கு 270 பிடித்துக்கொண்டு 380 திருப்பலாம். கடை அப்படிச் செய்யவில்லை. அந்த அம்மா பையாகத்தான் கேட்டார், பை கடையில் இல்லை. ஆகவே பை விலையிலேயே இரண்டு கிலோவுக்கு 260 எடுத்துக்கொண்டது. பத்து ரூபாய்தான். ஆனால் பில்லைக் கூர்ந்து படிக்கும் வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பத்து ரூபாய்தான்.

இதே தர்க்கம் இன்னும் ஓர் இடத்தில் வரும். 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவர இலவசம் என்று கடை சொல்லியிருக்கலாம். அரிசி விலகினால் மொத்தம் 1,190 ரூபாயாகக் குறைகிறது. கணினியில் பில் போடும் மென்பொருள் யோசிக்காமல் டெலிவரிக் கட்டணத்தைச் சேர்த்துவிடும். தள்ளுபடிக் கூப்பனும் இதே மாதிரி விலகிப்போகும். கடையிடம் பொருள் இல்லாததற்கு வாடிக்கையாளர் டெலிவரிக் கூலி கொடுப்பது அபத்தம். பில்லில் அதைக் கையால் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் 650 ரூபாய் திருப்பிக் கொடுத்த நல்ல பெயர் முப்பது ரூபாயில் போய்விடும்.

‘நாளைக்கு வந்துடும்’ என்ற நான்காவது வழி ஏன் செய்தியில் இல்லை? அது கடைக்காரர்களுக்கு மிகப் பிடித்த வழி. மொத்த வியாபாரி ‘சனிக்கிழமை சாயங்காலம் லோடு இறங்கிடும்’ என்று சொல்லியிருப்பார். அவருக்கு அது சொல்லும் வார்த்தை. நம் அம்மாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விருந்து. சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், வராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தெரியாவிட்டால் சொல்லாமல் இருப்பதே மரியாதை. வழிகள் நாலு, ஐந்து என்று கூடக்கூட, படிப்பவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் செல்போனைக் கீழே வைத்துவிடுவார் என்பதும் இருக்கிறது.

அடுத்தது கடைசி வரி, பதில் வராவிட்டால் என்ன என்பது. இதில் கடை எப்போதும் ஒரு பக்கமே சாய வேண்டும்: பதில் இல்லையென்றால் மாற்று போகாது, பணம் திரும்பும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் கல்யாணப் பேச்சில் வேண்டுமானால் இருக்கலாம், வியாபாரத்தில் கிடையாது. ஆனால் நம் உதாரணத்தில் இந்த விதிக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அரிசி இல்லாமல் நெய்யும் பட்டை கிராம்பும் மட்டும் போய் இறங்கினால் அவருக்கு அது பயன்படுமா? பட்டியலில் சில பொருள்கள் ஒன்றை நம்பி ஒன்று இருக்கும். ஆப்ப மாவு இல்லையென்றால் தேங்காய்ப்பால் பாக்கெட் எதற்கு? இதைப் பட்டியலைப் பார்த்தாலே அனுபவமுள்ள கை கண்டுபிடித்துவிடும். அதனால்தான் செய்தியில் ‘வேறு சாமானும் வேண்டாம் என்றால்’ என்ற வரி இருக்கிறது. அதனால்தான் நாலு மணிக்கு முன்னால் ஒரு போன் அடிப்பதும் அவசியம் ஆகிறது.

மூன்றரை மணிக்கு அந்தப் பெண் அடிக்கிறார்.

“அம்மா, மளிகைக் கடையிலேர்ந்து பேசறேன். அரிசி விஷயமா ஒரு மெசேஜ் போட்டிருந்தேன், பாத்தீங்களா?”

“இப்பத்தான்மா பாக்கறேன். அந்தக் கைமா எப்படி இருக்கும்?”

“மலபார்ப் பிரியாணிக்குப் போடுறதும்மா. பொடியா இருக்கும். ஆனா நம்ம சீரகச் சம்பா வாசனை இருக்காது.”

“அப்ப வேணாம். ரெண்டு கிலோ வாங்கிட்டு மிச்சத்தை வேற கடையில வாங்கலாம்னு பாத்தேன். ஆனா ஒண்ணு பழைய அரிசியா இருக்கும், ஒண்ணு புதுசா இருக்கும், சேத்துப் போட்டா ஒண்ணு வெந்து ஒண்ணு வேகாது. நான் அஞ்சு கிலோவும் ஒரே இடத்துல வாங்கிக்கறேன். காசைப் போட்டு விட்டுருங்க. மத்ததெல்லாம் அனுப்பிருங்க.”

பழைய அரிசி தண்ணீர் கூடக் குடிக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும் என்பதுதான் அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் காரணம். கடை மிகுந்த யோசனையோடு வைத்த இரண்டாவது வழி, சமைக்கிறவர் பார்வையில் உதவாத வழி. இது கடையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை. கேட்டதால் வெளியே வந்தது. கேட்காமல் இரண்டு கிலோவை அனுப்பியிருந்தால் அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் டப்பாவில் கொட்டி வைத்திருப்பார்.

இனி பணம். மாற்றுப் பொருளைப் பற்றிப் பேசும் கடைகள் பாதி இங்கே வந்து ஓய்ந்துவிடுகின்றன. ‘அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம்மா’ என்பது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அல்ல. கடை அவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குவது. அவராகக் கேட்டால் கழித்துக்கொள்ளலாம், கடையாகச் சொல்லக்கூடாது. எந்த வழியில் பணம் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும். பேமென்ட் கேட்வே வழியாக வந்திருந்தால் அதில் பணம் திருப்பும் வசதி இருக்கும். அது வாடிக்கையாளர் கணக்கில் ஏறச் சில வேலை நாள் ஆகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடையின் கியூஆர் அட்டையை நேரடியாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தால் பல சமயம் திருப்பும் பொத்தான் இருக்காது. கடையே புதிதாக ஒரு தொகையாக அனுப்ப வேண்டும். எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. வீட்டில் மகன் போனிலிருந்து பணம் வந்திருக்கும், பட்டியல் அம்மா போனிலிருந்து வந்திருக்கும்.

அனுப்பிய உடனே தொகை, எதற்கான தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒரு வரியில் அனுப்பிவிட வேண்டும். ‘பணம் அனுப்பியாச்சு’ என்ற வெறும் செய்தி போதாது. வங்கியில் கேட்க வேண்டி வந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொள்ள வாடிக்கையாளர் யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டியதில்லை. ‘ரீஃபண்ட் வரணும்னா பின் போடுங்க’ என்று யாராவது பேசினால் அது மோசடி. கடை அனுப்பும் செய்தியில் இந்த ஒரு வரி இருந்தால் வயதானவர்களுக்குப் பெரிய உதவி.

நேரம் எவ்வளவு? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்ப மறுப்பதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்கிறது. அது கடைசி எல்லை. பொருளே அனுப்பாத 650 ரூபாயைத் திருப்ப ஒரு நாளுக்கு மேல் ஆனால், அதற்குக் காரணம் கல்லாவில்தான் இருக்கும்.

இந்த முழுத் தொல்லையிலும் பாதியைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டியல் வந்ததும் பணம் வாங்காமல், சாமான் எடுத்து முடித்தபின் பில் போட்டு, அப்போது தொகையைச் சொல்வது. அப்போது இல்லாத பொருளுக்குப் பணமே வந்திருக்காது, திருப்பவும் வேண்டாம். பட்டியல் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு என்று கடைகள் இதற்குத் தயங்குகின்றன. தெரிந்த வாடிக்கையாளருக்கு இந்த வழி, புதியவருக்கு முன்பணம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கத்துக்கும் இடம் இல்லை. கடையும் வாட்ஸ்அப்பும் ஒரே அலமாரியிலிருந்து எடுப்பதுதான் அடிப்படைச் சிக்கல். பட்டியல் வந்தவுடன் தட்டுப்பாடான பொருளை மட்டுமாவது எடுத்துத் தனியாக வைத்துவிட்டால், அரை மணி நேரம் முன்பு கல்லாவில் கடைசிப் பை போயிருக்காது.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நோட்டில் மாற்று அனுப்பிய ஒவ்வொரு தடவையும் எழுதி, எது திரும்பி வந்தது என்று பக்கத்தில் குறித்தால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஒரே பொருளுக்கு ஒரே மாற்று மறுபடி மறுபடி திரும்பி வந்தால் அது மாற்றே அல்ல. கடையின் மாற்றுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லோரும் மூன்றாவது வழியையே தேர்ந்தெடுத்தால் கடையின் யோசனை வாடிக்கையாளர் அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். யாருமே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வரி எங்கோ மறைந்து கிடக்கிறதா என்று செய்தியைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும்.

வாங்குகிறவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். பட்டியல் எழுதும்போதே, முக்கியமான பொருளுக்குப் பக்கத்தில் ‘இது இல்லையென்றால் வேறு வேண்டாம், பணம் திருப்பவும்’ என்றோ ‘இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் எந்தக் கம்பெனியும் சரி’ என்றோ எழுதிவிடுங்கள். எல்லாப் பொருளுக்கும் மொத்தமாக எழுத வேண்டாம். உப்புக்கும் சீரகச் சம்பாவுக்கும் ஒரே பதில் இருக்காது. எழுதியிருந்தும் வேறு பொருள் வந்தால், பையைப் பிரிப்பதற்கு முன்பே வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருப்பியதை அப்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டு வையுங்கள்.